ரவா கேசரி: கட்டி தட்டாமல், நெய் மினுங்க

ஒரு கப் ரவைக்கு மூன்று கப் தண்ணீர், ஒன்றரை கப் சர்க்கரை, முக்கால் கப் நெய். இந்தக் குறிப்பு முழுவதும் இந்தக் கணக்கில்தான் போகும். நான் எடுத்திருப்பது 200 மில்லி கப். உங்களிடம் இருப்பது டம்ளரானாலும் ஆழாக்கானாலும் பரவாயில்லை, நான்கையும் அதே ஒன்றால் அளக்க வேண்டும். நெய்யை உருக்கிவிட்டு அளங்கள். உறைந்த நெய்யைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

சரஸ்வதி பூஜை அன்று மாலை சுண்டலோடு ஒரு கரண்டி கேசரியும் வைத்துக் கொடுக்க, எட்டுப் பேருக்கு இந்த அளவு தாராளமாகக் காணும்.

தேவையானவை

வெள்ளை ரவை (நடுத்தரப் பருமன்): 1 கப்
தண்ணீர்: 3 கப்
சர்க்கரை: 1½ கப்
உருக்கிய நெய்: ¾ கப்
முந்திரி: 15, இரண்டாக உடைத்தது
உலர் திராட்சை: ஒரு மேசைக்கரண்டி
ஏலக்காய்: 4, பொடித்தது
குங்குமப்பூ: ஒரு சிட்டிகை, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் ஊறியது. இல்லையென்றால் கேசரிப் பவுடர், ஒரு சிட்டிகைக்கும் குறைவாக
உப்பு: ஒரு துளி

இனிப்பு தூக்கலாகப் பிடிக்கும் வீடுகளில் சர்க்கரை ஒன்றே முக்கால் கப் போடலாம். இரண்டு கப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது திகட்டும். ஒன்றரை போட்டால் நெய்யும் ஏலக்காயும் நாக்கில் தெரியும்.

தண்ணீர் அளவை ரவையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் சாதாரணமாக உப்புமாவுக்கு வாங்கும் ரவைக்கு மூன்று. மாவு போலச் சன்னமாக இருக்கும் சிரோட்டி ரவைக்கு இரண்டரை போதும், மூன்று ஊற்றினால் களியாகிவிடும். இரண்டே கப் தண்ணீரில் செய்தால் சூடாக இருக்கும்போது உதிரியாக அழகாகத் தெரியும். ஆறியதும் வறண்டு தொண்டையில் அடைக்கும். காலையில் செய்து மாலையில் பரிமாறுவதாக இருந்தால் மூன்றிலிருந்து குறைக்கவே குறைக்காதீர்கள். தண்ணீரில் ஒரு கப்பைக் குறைத்து அந்த அளவு பால் சேர்த்தால் ருசி கூடும். ஆனால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

நெய் முக்கால் கப் என்றதும் சிலர் தயங்குவார்கள். அரை கப் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் கேசரி மேலண்ணத்தில் ஒட்டும், கிண்டும்போதே கடாயில் பிடிக்கும். செலவு இடித்தால் கால் கப் நெய்க்குப் பதில் வாசனையில்லாத எண்ணெயை வறுப்பதற்கு வைத்துக்கொண்டு, கடைசியில் ஊற்றுவதை மட்டும் நல்ல நெய்யாக வைத்துக்கொள்ளுங்கள். வாசனை கடைசியில் ஊற்றும் நெய்யில்தான் நிற்கிறது. வனஸ்பதி வேண்டாம், ஆறினால் வாயில் மெழுகு பூசியதுபோல இருக்கும்.

செய்முறை

அடி கனமான, வாய் அகன்ற கடாய் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அடுப்பில் மூன்று கப் தண்ணீரை ஏற்றி, உப்பும் கேசரிப் பவுடரும் அதிலேயே போட்டுவிடுங்கள். நிறத்தைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் ரவை முழுக்க ஒரே சீராக ஏறும். வெந்த கேசரியின் மேல் தூவினால் திட்டுத் திட்டாக நிற்கும், அதைக் கலக்கக் கலக்க ரவை குழையும். குங்குமப்பூவானால் பாலோடு கடைசியில் சேர்ப்பதுதான் நல்லது, கொதிக்கவிட்டால் அதன் மணம் போய்விடும்.

கடாயில் கால் கப் நெய் ஊற்றி, மிதமான சூட்டில் முந்திரியைப் போடுங்கள். அது பாதி சிவக்கும்போது திராட்சையைப் போட்டால், திராட்சை உப்பும் நேரமும் முந்திரி பொன்னிறமாகும் நேரமும் சரியாக இருக்கும். இரண்டையும் அரித்துத் தனியே வையுங்கள்.

மீதி நெய்யிலேயே ரவையைக் கொட்டி, தீயைக் குறைத்து வறுக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. ஆறேழு நிமிடம் ஆகும். பாக்கெட்டில் 'வறுத்த ரவை' என்று போட்டிருந்தாலும் நெய்யில் மறுபடி வறுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மணியின் மேலும் நெய் படிவதற்காகத்தான் இந்த வறுவல். அப்படிப் படிந்தால்தான் தண்ணீர் படும்போது மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக வேகும். கட்டி தட்டுவதில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, இந்த இடத்தில்தான் முடிவாகிறது. ரவை நிறம் மாறக் கூடாது. பச்சை வாசனை போய், கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் மணல் மாதிரிச் சரசரவென்று இறங்கினால் போதும்.

இப்போது பக்கத்து அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். கடாயின் தீயை மிகக் குறைவாக வையுங்கள். ஒரு கையால் தண்ணீரைத் தாரையாக ஊற்றிக்கொண்டே மறு கையால் விடாமல் கிளறுங்கள். ஊற்றியதும் குபுகுபுவென்று பொங்கித் தெறிக்கும். அதனால் நீளக் காம்புள்ள கரண்டி வேண்டும், முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அடுப்பங்கரைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

கொஞ்சம் ஊற்றி, கிளறி, மறுபடி கொஞ்சம் ஊற்றி என்று செய்யக் கூடாது. முதலில் விழும் தண்ணீரை ஒரு பக்கத்து ரவை மட்டும் குடித்துவிட்டு உருண்டை கட்டும். வெளிப்பக்கம் வெந்து பசையாகி மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போக வழியில்லை. கட்டி என்பது அதுதான். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் முழுவதும் உள்ளே போய், ரவை எல்லாம் ஒரே நேரத்தில் நனைய வேண்டும்.

ஓரிரு நிமிடத்தில் கெட்டிப்படத் தொடங்கும். ஒரு சிறு கட்டி தெரிந்தாலும் இப்போதே கடாயின் ஓரத்தில் வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிவிடுங்கள். நிறையத் தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு மத்தாலோ முட்டை அடிக்கும் கம்பியாலோ ஒரு சுற்று அடித்துவிடலாம். அப்புறம் மூடி போட்டு, குறைந்த தீயில் நான்கு நிமிடம் விடுங்கள்.

மூடியைத் திறந்து, இரண்டு மணி ரவையை எடுத்துச் சற்று ஆறவிட்டு விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். நறநறத்தால் கால் கப் கொதிநீர் தெளித்து இன்னும் இரண்டு நிமிடம் மூடுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாமல் சர்க்கரைப் பக்கமே போகக் கூடாது. சர்க்கரை விழுந்த நிமிடத்திலிருந்து அங்கிருக்கும் தண்ணீரை அது இழுத்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு ரவை மேற்கொண்டு வேகாது. எவ்வளவு நேரம் கிளறினாலும் வேகாத மணி வேகாத மணிதான், நசுக்காமல் விட்ட கட்டியும் அப்படியே இறுகிவிடும். நேரம் மிச்சம் என்று சர்க்கரையைத் தண்ணீரிலேயே கரைத்துக் கொதிக்க வைக்கிறவர்களின் கேசரி பல்லில் மணல் படுவதுபோல இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ரவை வெந்ததும் சர்க்கரையைப் பரவலாகத் தூவிக் கிளறுங்கள். உடனே எல்லாம் இளகிப் பாயசம்போல ஆகும். பயப்பட வேண்டாம், சர்க்கரை கரைந்து நீர் விடுகிறது, அவ்வளவுதான். மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் கிளறினால் மறுபடி கெட்டிப்படும். அந்த நேரத்தில் மீதி அரை கப் நெய்யை மூன்று தடவையாக ஊற்றுங்கள். ஒரு தடவை ஊற்றியது முழுவதும் உள்ளே போன பிறகு அடுத்தது. மொத்தமாக ஊற்றினால் மேலே மிதந்துகொண்டு வழுக்கும், உள்ளே சேர நேரமாகும்.

கடாயில் ஒட்டாமல் கேசரி ஒன்றாகச் சுருண்டு, ஓரத்தில் நெய் எட்டிப் பார்த்தால் பதம் வந்தாயிற்று. ஆனால் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் இன்னும் மெதுவாக நழுவி விழ வேண்டும். கெட்டியாக நிற்கும்வரை அடுப்பில் வைத்தால் ஆறும்போது கல்லாகிவிடும், ஏனென்றால் ஆற ஆற ரவையும் நெய்யும் இரண்டுமே இறுகும். ஏலக்காய், குங்குமப்பூப் பால், வறுத்த முந்திரி, திராட்சை எல்லாம் சேர்த்து ஒரு புரட்டு புரட்டி, அணைத்து, மூடி பத்து நிமிடம் விடுங்கள். கோயில் பிரசாத மணம் வேண்டுமானால் கடுகளவு பச்சைக் கற்பூரம், சமையலுக்கென்று விற்பது, பொடித்துச் சேர்க்கலாம். கடுகளவுக்கு மேல் போனால் கசக்கும்.

துண்டு போட விரும்பினால் நெய் தடவிய தட்டில் சூடாகவே கொட்டி, கிண்ணத்தின் அடியால் சமப்படுத்தி, ஆறிய பிறகு வெட்டுங்கள். அதற்கு மட்டும் தண்ணீர் இரண்டே முக்கால் கப்.

சரியாக வரவில்லையென்றால்

இறுகிவிட்டதா? ஒரு கை வெந்நீரோ சூடான பாலோ தெளித்து, குறைந்த தீயில் மூடி இரண்டு நிமிடம் வைத்துப் புரட்டினால் இளகும். பச்சைத் தண்ணீர் தெளிக்காதீர்கள். தளர்ந்திருக்கிறதா? மூடாமல் இன்னும் மூன்று நிமிடம் கிளறுங்கள். ஆறினால் தானாக இறுகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்த்த பிறகு கட்டி தெரிந்தால் கரைக்க முயல வேண்டாம், பொறுக்கி எடுத்துவிடுவதுதான் வழி.

மீந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். சூடு பண்ணாமல் அப்படியே பரிமாறாதீர்கள், உறைந்த நெய் நாக்கில் நிற்கும்.

இருபத்தைந்து பேருக்கு

வளைகாப்பு, புதுமனை புகுவிழா போன்றவற்றுக்கு ரவை 4 கப், சர்க்கரை 6 கப், நெய் 2¾ கப். தண்ணீர் 12 கப் அல்ல, 11 கப். பெரிய பாத்திரத்தில் ஆவியாகப் போவது விகிதத்தில் குறைவு. ரவை வறுக்கவே பதினைந்து நிமிடம் ஆகும், இரண்டு தடவையாக வறுத்தாலும் சரி. இந்த அளவுக்குக் கொதிநீரைத் தூக்கி ஊற்றுவது ஆபத்து. அதனால் முறையை மாற்றிக்கொள்ளுங்கள்: பெரிய உருளியில் தண்ணீர் கொதிக்க வேண்டும், ஒருவர் வறுத்த ரவையை மழைபோலத் தூவ வேண்டும், இன்னொருவர் நிறுத்தாமல் கிளற வேண்டும். தனி ஆளாகச் செய்ய வேண்டாம். பரிமாறும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறக்கினால் போதும். அரை கப் நெய்யைத் தனியே எடுத்து வைத்து, பந்திக்குப் போகும் முன் சூடாக்கி மேலே விட்டு ஒரு புரட்டு புரட்டி அனுப்புங்கள்.