பென்சாதைன் பென்சிலின் ஊசித் தட்டுப்பாடு: மருத்துவர்களுக்கான அறிவிப்பு

மருந்தகப் பிரிவு, அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை
நாள்: 16.06.2025
பெறுநர்: பொது மருத்துவம், இதயவியல், குழந்தைகள் நலம், மகப்பேறு, தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுகளின் தலைவர்கள், உதவிப் பேராசிரியர்கள், பணி மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள்
ஒப்புதல்: மருந்து மற்றும் சிகிச்சைக் குழு, 14.06.2025 கூட்டம்

வணக்கம்.

வார்டுகளில் நாம் பெனிடூர் என்று சொல்லும் பென்சாதைன் பென்சிலின் ஊசி (12 லட்சம் யூனிட்) இன்று காலை எண்ணியபோது மருத்துவமனை முழுவதும் சேர்த்து 84 வயல்தான் இருக்கிறது. பால்வினை நோய்ப் பிரிவின் வெள்ளைக் கிட்டுகளில் உள்ளவையும் இந்தக் கணக்கில் அடங்கும். 6 லட்சம் யூனிட் வயல் கையிருப்பில் இல்லவே இல்லை. மாவட்டக் கிடங்கிலும் இல்லை. உள்ளூர்க் கொள்முதலுக்குக் கேட்டபோது எந்த மொத்த விற்பனையாளரும் நாள் சொல்லத் தயாராக இல்லை. அடுத்த வரவுக்கு ஆறு வாரம் ஆகும் என்று வைத்துத்தான் கீழே உள்ள ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம். முன்னதாக வந்தால் சந்தோஷம்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. விலை குறைந்த, லாபம் அதிகம் தராத பழைய மருந்து இது. மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலைகள் உலகத்திலேயே சிலதான். 2023-இல் அமெரிக்காவே தட்டுப்பாட்டில் சிக்கி, பிறகு வெளிநாட்டுத் தயாரிப்புகளை இறக்குமதி செய்ய அனுமதித்தது. ஆகவே இந்த முறை சமாளித்தாலும் மறுபடியும் வரும் என்று எதிர்பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

84 வயல் யாருக்கு

36 வயல் கர்ப்பிணிகளுக்காகத் தனியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. சிஃபிலிஸ் உள்ள கர்ப்பிணிக்கு இந்த ஊசிக்கு மாற்று கிடையாது. டாக்சிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் வயிற்றில் உள்ள குழந்தையைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ள கர்ப்பிணியைக்கூட டீசென்சிடைஸ் செய்து இதைத்தான் போட வேண்டும். ஆரம்ப நிலை என்றால் 24 லட்சம் யூனிட் ஒரு தடவை, அதாவது இரண்டு வயல். பிந்தைய நிலை, அல்லது எப்போது தொற்றியது என்று தெரியாத நிலை என்றால் வாரம் ஒரு முறை என மூன்று வாரம், ஆக ஆறு வயல். மூன்று வாரமும் தடைபடக்கூடாது. இடைவெளி ஒன்பது நாளைத் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், போட்ட வயல்களும் வீண். அதனால் ஒரு தாய்க்கு முதல் ஊசி போடும் அன்றே அவர் பெயரில் மீதி நான்கு வயலையும் நாங்கள் ஒதுக்கிவிடுவோம். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக சிகிச்சை முடிந்திருக்க வேண்டும் என்பதால், ஏ.என். ஓ.பி.யில் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தவுடனேயே மருந்தகத்துக்குப் போன் செய்யுங்கள். அடுத்த வருகை வரை காத்திருக்க வேண்டாம்.

மீதமுள்ள 48 வயல் ருமாட்டிக் இதய நோய்த் தடுப்புக்கு. பதிவேட்டில் ஏறக்குறைய 140 பேர் 21 நாளுக்கு ஒரு முறை ஊசிக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் போட்டால் முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். எனவே இதயவியல் பிரிவு பதிவேட்டைப் பார்த்து 22 பேரை ஊசியிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுக்குள் ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்கள், மாத்திரையில் இருந்தபோது மறுபடியும் காய்ச்சல் வந்தவர்கள், வீட்டுச் சூழலில் தினம் இரண்டு வேளை மாத்திரை நடக்கவே நடக்காது என்று தெரிந்தவர்கள். இரண்டு சுற்றுக்கு 44 வயல், நான்கு வயல் கையில் இருக்கும். பட்டியல் 16-ஆம் எண் அறையில் இருக்கிறது. அதில் பெயர் சேர்க்க வேண்டுமானால் இதயவியல் மருத்துவரின் கையெழுத்து தேவை.

மாத்திரைக்கு மாறுபவர்கள்

மற்றவர்களுக்குப் பென்சிலின் வி மாத்திரை, 250 மி.கி., தினம் இரு வேளை. 27 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இதே அளவுதான். விழுங்க முடியாத பிள்ளைக்குப் பொடித்துக் கொடுக்கலாம். ஆறு வாரத்துக்கு 118 பேருக்கு 9,912 மாத்திரை வேண்டும், நம்மிடம் 12,000 இருக்கிறது. ஆகவே மாத்திரைக்குப் பஞ்சமில்லை.

முதலில் யாரை மாற்றலாம் என்று சிலர் கேட்டார்கள். தீவிரமான மைட்ரல் ஸ்டெனோசிஸ், அயோர்டிக் வால்வு நோய், இடது வென்ட்ரிக்கிள் பலவீனம், மூச்சுத்திணறல் உள்ளவர்களை முதலில் மாற்றுங்கள். அவர்களுக்குத்தானே ஊசி முக்கியம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்க இதய சங்கம் 2022-இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு, இப்படிப்பட்டவர்களுக்கு ஊசியைவிட மாத்திரையே பாதுகாப்பு என்கிறது. ஊசிக்குப் பின் ஏற்பட்ட சில மரணங்களுக்குக் காரணம் ஒவ்வாமை அல்ல, ஊசி வலியில் ரத்த அழுத்தம் சரிந்து பலவீனமான இதயம் தாங்க முடியாமல் போனதாக இருக்கலாம் என்று அது சொல்கிறது. தட்டுப்பாடு இல்லாவிட்டாலும் இந்த மாற்றம் எப்போதோ செய்திருக்க வேண்டியது என்பது என் கருத்து.

மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதில் குழப்பம் வேண்டாம். அடுத்த ஊசி போட வேண்டிய நாளன்று முதல் மாத்திரை, ஒரு நாள் கூடத் தள்ளக்கூடாது. நோயாளியிடம் "ஊசி இல்லை, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லி அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஓ.பி. வரிசையில் யாராவது அப்படித் திருப்பி அனுப்பப்பட்டால் செவிலியர்கள் எங்களுக்குத் தகவல் தர வேண்டும். காய்ச்சல் மறுபடியும் வராமல் தடுப்பதில் ஊசி அளவுக்கு மாத்திரை பாதுகாப்பு தராது என்பது உண்மை. ஆனால் ஒன்றுமே இல்லாமல் ஒரு மாதம் விடுவதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். அதனால் 30 நாள் மாத்திரையைக் கையில் கொடுத்து, மறந்த நாள் எத்தனை என்று அடுத்த முறை கேளுங்கள். அடிக்கடி மறப்பவர் பெயரை ஊசிப் பட்டியலுக்குப் பரிந்துரையுங்கள்.

பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சல்ஃபாடயசின் தினம் ஒரு முறை: 27 கிலோ வரை 500 மி.கி., அதற்கு மேல் 1 கிராம். ஜி6பிடி குறைபாடு, சல்ஃபா ஒவ்வாமை, பிரசவத்தை நெருங்கிய கர்ப்பம் என்றால் கூடாது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எரித்ரோமைசின் 250 மி.கி. இரு வேளை.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் நோயாளிகளில் செயற்கை வால்வு பொருத்தியவர்களும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களும் வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறார்கள். சல்ஃபாவும் எரித்ரோமைசினும் ஐ.என்.ஆர். அளவை நன்றாக ஏற்றிவிடும். இவற்றைத் தொடங்கிய நான்கைந்து நாளில் ஒரு ஐ.என்.ஆர்., அடுத்த வாரம் இன்னொன்று கட்டாயம் பாருங்கள். பென்சிலின் வி-யில் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கோட்ரைமாக்சசோலும் ஒருவகை சல்ஃபாதானே என்று தடுப்புக்கு எழுத வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தடுப்புக்கு அது ஏற்றதல்ல. அதேபோல் சல்ஃபாடயசின் தடுப்புக்கு மட்டும்தான். தொண்டையில் ஏற்கெனவே இருக்கும் கிருமியை அது அழிக்காது.

மற்றவை

தொண்டை வலிக்கு இந்த ஊசி இனி கிடையாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று சந்தேகித்தால் அமாக்சிசிலின் கிலோவுக்கு 50 மி.கி. தினம் ஒரு முறை, அதிகபட்சம் 1 கிராம், பத்து நாள். பத்து நாளும் முக்கியம், மூன்றாம் நாள் வலி போனதும் நிறுத்திவிடுவார்கள், சொல்லி அனுப்புங்கள்.

யானைக்கால் நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் காய்ச்சல், வீக்கத்தைத் தடுக்கச் சிலருக்கு இந்த ஊசி எழுதப்படுகிறது. அவர்களுக்கும் பென்சிலின் வி 250 மி.கி. இரு வேளை. கூடவே காலைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து உலர வைப்பதை வலியுறுத்துங்கள்.

கர்ப்பிணி அல்லாதவர்களின் சிஃபிலிஸுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை, ஆரம்ப நிலைக்கு 14 நாள், பிந்தைய நிலைக்கு 28 நாள். கர்ப்பிணியின் கணவருக்கும் இதுவே. டாக்சிசைக்ளின் முடியாதவருக்கு ஆரம்ப நிலை என்றால் செஃப்ட்ரியாக்சோன் தினம் 1 கிராம், 10 நாள். அசித்ரோமைசின் ஒற்றை டோஸை நம்பி விடாதீர்கள், எதிர்ப்புத் திறன் பரவியிருக்கிறது. ஆறாம், பன்னிரண்டாம் மாதம் வி.டி.ஆர்.எல். டைட்டர் பார்க்க மறக்க வேண்டாம். நரம்பு மண்டல சிஃபிலிஸ், பிறவி சிஃபிலிஸ் இரண்டுக்கும் வழக்கம்போல் கிறிஸ்டலைன் பென்சிலின்தான். அதற்குத் தட்டுப்பாடு இல்லை.

அதுதான் எனக்குப் பெரிய பயமும். கிறிஸ்டலைன் பென்சிலின் வயல் அலமாரியில் நிறைய இருக்கிறது, பெயரும் பென்சிலின்தான். அதைப் பென்சாதைனுக்குப் பதிலாகத் தசையில் ஒரு ஊசி போட்டால் சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து போய்விடும், மூன்று வாரப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. மறுபக்கம், பென்சாதைனை ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றே போகலாம். எக்காரணம் கொண்டும் ரத்தக்குழாயில் போடக்கூடாது. இரண்டையும் வேறு வேறு அலமாரியில் பிரித்து, பென்சாதைனில் "தசையில் மட்டும்" என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். மருந்துச் சீட்டில் "பென்சிலின் ஊசி" என்று மட்டும் எழுதினால் மருந்தகம் தராது, முழுப் பெயர் வேண்டும்.

டெஸ்ட் டோஸுக்காகப் பென்சாதைன் வயலை உடைக்க வேண்டாம். கிறிஸ்டலைன் பென்சிலினை மி.லி.க்கு 10,000 யூனிட் என்று நீர்த்துப் பரிசோதித்து, சரி என்று தெரிந்த பிறகே எங்களிடமிருந்து வயலை வாங்குங்கள். 12 லட்சம் யூனிட் வயலில் பாதியைச் சிறு குழந்தைக்குப் போட்டுவிட்டு மீதியை மறுநாளைக்கு எடுத்து வைப்பதும் வேண்டாம்.

நாளை மதியம் 12 மணிக்குள் எல்லா வார்டுகளும் ஓ.பி. அறைகளும் தங்களிடம் உள்ள பென்சாதைன் வயல்களை மத்திய மருந்தகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவசரத்துக்கு என்று டிராயரில் ஒன்றிரண்டு இருக்கும், தெரியும், அவையும்தான். அப்புறம் ஒவ்வொரு வயலும் நோயாளியின் பெயர், எடை, நோய், கடைசி ஊசி நாள் எழுதிய சீட்டுக்கே வழங்கப்படும். இரவிலும் பணி மருந்தாளுநர் தருவார். வெளிக்கடையில் வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுத வேண்டாம். அங்கேயும் இல்லை, நோயாளிதான் கடை கடையாக அலைவார்.

சந்தேகம் இருந்தால் மருந்தக உள் எண் 214, இரவு 217. கையிருப்பு நிலவரம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வார்டு செவிலியர் வழியாக வரும். அடுத்த மறுபரிசீலனைக் கூட்டம் 07.07.2025.

தலைமை மருந்தாளுநர்

நகல்: மருத்துவக் கண்காணிப்பாளர், செவிலியர் கண்காணிப்பாளர், அனைத்து வார்டு அறிவிப்புப் பலகைகள்