பொருள்: டீலர் நிலுவைப் பட்டியல் – 22ஆம் தேதி காலை தரட்டுமா?

முருகேசன் அண்ணா, வணக்கம்.

நேற்று மாலை நீங்கள் அனுப்பிய மெயிலைப் பார்த்தேன். கோயம்புத்தூர் டீலர்கள் கூட்டத்துக்குப் போகும்போது கையில் சரியான கணக்கு இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் நீங்கள் கேட்டபடி 19ஆம் தேதிக்குள் முழுப் பட்டியலையும் சரிபார்த்துத் தர என்னால் இயலவில்லை அண்ணா. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி மாத வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வந்த 2பி அறிக்கையோடு நம் கொள்முதல் பில்களை ஒப்பிட்டதில் சில பில்கள் இன்னும் பொருந்தவில்லை. அதை விட்டுவிட்டு வந்தால் அந்த பில்களுக்கான உள்ளீட்டு வரிக் கழிவை இந்த மாதம் எடுக்க முடியாமல் போகும். வரி கட்டத் தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். இந்த மாதம் உதவிக்கும் ஆள் இல்லை, ரேவதி விடுப்பில் இருக்கிறாள்.

அவசரமாக 'அப்படியே' ஒரு பட்டியல் தருவதும் எனக்கு மனமில்லை. ஒரு டீலர் கட்டிய பணத்தை அவர் கட்டவில்லை என்று நாம் காட்டிவிட்டால், அவர் முன் நிற்கப்போவது நீங்கள்தான்.

21ஆம் தேதி இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 22 காலை 10 மணிக்குள் உங்கள் மெயிலில் இருக்கும். கூட்டம் அதற்கு முன்பே என்றால், பாக்கி அதிகமுள்ள ஐந்து டீலர்களின் பெயரை மட்டும் அனுப்புங்கள். அவர்களுடைய லெட்ஜரை இன்று இரவுக்குள் பார்த்து அனுப்பிவிடுகிறேன்.

மார்ச் முடிவில் பில்களை நீங்களே தேடிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை அண்ணா.

அன்புடன்,
கவிதா
கணக்குப் பிரிவு