தாயக விடுப்பும் பயணச்சீட்டும் கோரி விண்ணப்பம்

ஜுபைல், 12 மார்ச் 2025

அனுப்புநர்:
மு. செல்வராசு,
பைப் வெல்டர், பகல் ஷிஃப்ட்,
பராமரிப்புப் பிரிவு, ஜுபைல் தளம்.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
பணியாளர் பிரிவு, ஜுபைல் தளம்.

பொருள்: 16.05.2025 முதல் 30.06.2025 வரை ஊதியத்துடன் கூடிய விடுப்பு, தம்மாம் – திருச்சி – தம்மாம் பயணச்சீட்டு, எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா ஆகியவை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 03.02.2020 அன்று இத்தளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 02.02.2025 அன்று இடைவிடாத ஐந்து ஆண்டுப் பணி நிறைவடைந்தது. கடைசியாக ஊருக்குச் சென்று 14.03.2023 அன்று வேலைக்குத் திரும்பினேன். 02.02.2023 வரையிலான பணிக்குரிய விடுப்பும் பயணச்சீட்டும் அப்போதே தீர்க்கப்பட்டுவிட்டன. அதன்பின் இரண்டு ஆண்டுகளாக ஊருக்குப் போகவில்லை. 2024-இல் எடுத்திருக்க வேண்டிய விடுப்பை, அப்போதைய ஷட்டவுன் வேலைக்காக, என் ஒப்புதலோடு இந்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தீர்கள். அந்த ஒப்புதல் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.

என் தாயாருக்கு இரண்டு கண்களிலும் புரை முற்றியிருக்கிறது. ஒரு கண்ணில் அறுவை செய்து, அது ஆறிய பிறகு சில வாரம் கழித்தே மறு கண்ணில் செய்வோம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் நான் கூட இருக்க வேண்டும். என் மனைவி இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் தனியாக அலைய முடியாது. ஒரு மாத விடுப்பில் முதல் கண்தான் முடியும். அதனால்தான் சேர்ந்திருக்கும் நாட்கள் முழுவதையும் ஒரே தவணையாகக் கேட்கிறேன். என் மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தவும் வைகாசியில் நாள் பார்த்திருக்கிறார்கள். ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. அவன் பிறந்தபின் நான் அவனோடு இருந்த நாட்கள் மிகக் குறைவு. இந்த நாளை விட எனக்கு மனமில்லை.

விடுப்பு நாட்களின் கணக்கு

என் ஒப்பந்தப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள். 03.02.2023 முதல் 02.02.2025 வரை இரண்டு ஆண்டுக்கு 42 நாள் சேர்ந்திருக்கிறது. ஹஜ் பெருநாளுக்குரிய நான்கு நாள் விடுமுறை அரஃபா நாளிலிருந்து தொடங்குகிறது. உம்முல் குரா நாட்காட்டிப்படி அது ஜூன் 5 முதல் 8 வரை. பெருநாள் விடுமுறை ஆண்டு விடுப்புக்குள் விழுந்தால் அந்த அளவுக்கு விடுப்பு நீள வேண்டும் என்பது சவூதி தொழிலாளர் சட்டத்தின் செயலாக்க விதி. பிறையால் ஒரு நாள் முன்பின் ஆனாலும் நான்கு நாளும் என் விடுப்புக்குள்தான் விழுகின்றன, ஆகவே கணக்கு மாறாது. 42-உம் 4-உம் சேர்த்து 46 நாள். மே 16 முதல் 31 வரை 16 நாள், ஜூன் முழுவதும் 30 நாள்.

ஐந்து ஆண்டு முடிந்தவர்களுக்கு ஆண்டுக்கு 30 நாளுக்குக் குறையாமல் விடுப்பு உண்டு என்று சட்டத்தின் 109-ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு அது 03.02.2025 முதல் பொருந்தும். அன்றிலிருந்து மே 15 வரை 102 நாள் வேலைக்கு 8.38 நாள் சேரும். அதை இப்போது கேட்கவில்லை. அடுத்த விடுப்புக் கணக்கில் வரவு வைக்கும்படி மட்டும் வேண்டுகிறேன். கணினியில் என் பெயருக்கு எதிரே இன்னும் 21 என்றே இருக்கிறது. இப்போதே 30 என்று திருத்திவிட்டால், பின்னால் கணக்கு முடிக்கும்போது பழைய தாள்களைத் தேட வேண்டியிருக்காது.

விடுப்புச் சம்பளம்

என் அடிப்படைச் சம்பளம் 1,800 ரியால், உணவுப்படி 300, மொத்தம் 2,100. ஒரு நாளுக்கு 70 ரியால். 46 நாளுக்கு 3,220 ரியால். மே 1 முதல் 15 வரை வேலை செய்த 15 நாளுக்கு 1,050 ரியால். இரண்டும் சேர்த்து 4,270 ரியால். ஏப்ரல் ஓவர்டைம் ஏப்ரல் சம்பளத்தோடு வந்துவிடும், அதை இதில் சேர்க்கவில்லை. மே மாத ஓவர்டைம் இருந்தால் ஜூலை சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

விடுப்புச் சம்பளத்தை விடுப்புக்கு முன்பே தர வேண்டும் என்பதும் அதே 109-ஆம் பிரிவில் இருக்கிறது. அறுவைக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் எனக்கு இது மிக முக்கியம். மே 12, திங்கட்கிழமைக்குள் என் வங்கிக் கணக்கில் வந்தால், புறப்படுமுன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். சில சமயம் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் 46 நாளுக்கு 2,760 ரியால்தான் வரும், 460 ரியால் குறையும். உணவுப்படியும் மாதச் சம்பளத்தின் பகுதி என்றுதான் என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன்.

பயணச்சீட்டு

இரண்டு ஆண்டுப் பணிக்கு ஒருமுறை, வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையம் வரை எகானமி வகுப்பில் போக-வர ஒரு சீட்டு என்பது ஒப்பந்தம். எனக்கு அருகிலுள்ளது திருச்சி. அதனால் தம்மாமிலிருந்து திருச்சி வரை ஒரே சீட்டாக எடுத்துத் தர வேண்டுகிறேன். கொழும்பு வழியாகவோ வேறு ஓர் ஊர் வழியாகவோ மாறிப் போவதில் எனக்குத் தடையில்லை, பெட்டி திருச்சி வரை ஒரே சீட்டில் போக வேண்டும், அவ்வளவுதான்.

விலை குறைவு என்று மும்பைக்கோ கொச்சிக்கோ எடுத்து, அங்கிருந்து உள்நாட்டுச் சீட்டைத் தனியாக எடுப்பது வேண்டாம் என்று வேண்டுகிறேன். அப்படி எடுத்தால் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் முடித்து, பெட்டியை வாங்கி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டுச் சீட்டில் பெரும்பாலும் 15 கிலோதான், மிச்சத்துக்கு நான் கையிலிருந்து கட்ட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது சீட்டு வீணாகும், இரண்டும் தனித்தனி என்பதால் எந்த விமான நிறுவனமும் பொறுப்பேற்காது. திரும்பும்போது இது நடந்தால் நான் வேலைக்கு வரும் நாளே தள்ளிப்போகும். அது நம் இருவருக்கும் நட்டம்.

போகும் நாள்: 16 மே, வெள்ளி. திரும்பும் நாள்: 29 ஜூன், ஞாயிறு, திருச்சியிலிருந்து. பெட்டிக்கு 30 கிலோ அனுமதியும், கட்டணம் கட்டியாவது திரும்பும் தேதியை மாற்ற வழியும் உள்ள சீட்டாக இருந்தால் நல்லது. பள்ளி விடுமுறையும் பெருநாளும் அடுத்தடுத்து வருவதால் மே, ஜூனில் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஏப்ரல் 10-க்குள் எடுத்தால் நிறுவனத்துக்கும் செலவு குறையும். சீட்டுக்குப் பதில் பணமாகத் தருவது எனக்கு வேண்டாம். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் போடச் சொல்லவும்.

எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா

ஒருமுறை போய்வரும் விசாவாக, 60 நாளுக்கு வேண்டும். இரண்டு மாதம் வரை கட்டணம் 200 ரியால். சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி இது நிறுவனத்தைச் சேர்ந்தது. விடுப்பு 46 நாள்தான் என்றாலும் 46 நாளுக்கே கேட்க வேண்டாம். விமானம் ரத்தானாலோ, தாயாருக்குக் கண்ணில் தொற்று ஏற்பட்டாலோ, சில நாள் கையில் இருக்கும். வெளியே இருக்கும்போது நீட்டிக்க முடியும், ஆனால் கட்டணம் கூடும், நேரமும் போகும். இந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று நாள் குறித்து எடுக்காமல், நாள் எண்ணிக்கையாக எடுக்கவும். அப்போதுதான் 60 நாளும் நான் நாட்டைவிட்டுப் போகும் நாளிலிருந்து எண்ணப்படும். எடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புறப்பட்டால் போதும், ஆகவே ஏப்ரல் கடைசியில் எடுத்தால் சரியாக இருக்கும்.

என் இக்காமா 22.10.2025 வரை செல்லும். போக்குவரத்து அபராதம் எதுவும் என் பெயரில் இல்லை. அப்ஷேரில் பார்த்த பக்கத்தை இணைத்துள்ளேன். ஒன்றை மட்டும் தயவுசெய்து சரிபாருங்கள்: 2024 செப்டம்பரில் என் கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன். புது எண்ணை முக்கீமில் ஏற்றும் நக்ல் மாலுமாத் வேலை முடிந்ததா என்று எனக்கு உறுதி கிடைக்கவில்லை. பழைய எண்ணிலேயே விசா வந்தால் தம்மாம் குடியேற்றச் சாளரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய சீட்டும் போய்விடும். விசா எடுப்பதற்கு முன்பே இது முடிய வேண்டும். பழையது, புதியது இரண்டின் நகலும் வைத்திருக்கிறேன்.

வேலை ஒப்படைப்பு

மே 15, வியாழன் வரை வேலைக்கு வருவேன். ஆனால் புதிய ஜாயின்ட் வெல்டிங்கை மே 10-ஓடு நிறுத்த அனுமதி கேட்கிறேன். எக்ஸ்ரே முடிவு வர மூன்று, நான்கு நாள் ஆகிறது. கடைசி நாள் வரை புதிது அடித்தால், ரிப்பேர் வரும்போது நான் இருக்க மாட்டேன், என் ஸ்டாம்ப் உள்ள ஜாயின்ட்டை வேறொருவர் வெட்டித் திறக்க வேண்டிவரும். 10-க்குப் பின் ரிப்பேர், ஃபிட்-அப், சப்போர்ட் வேலை செய்கிறேன். என் ஜாயின்ட் எண்கள், ஐசோமெட்ரிக் படங்கள், மிச்சமுள்ள எலக்ட்ரோடு கணக்கு எல்லாவற்றையும் இரவு ஷிஃப்ட் வெல்டரிடம் எழுதிக் கொடுத்து, ஃபோர்மேன் கையெழுத்தும் வாங்கிவிடுவேன்.

டிக், ஆர்க் இரண்டிலும் என் தகுதி நடப்பில் இருக்கிறது. ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் விட்டால்தான் ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவுப்படி தகுதி காலாவதியாகும். ஆறரை வாரத்தில் ஒன்றும் ஆகாது, திரும்பி வந்து மறு சோதனை தேவைப்படாது.

என் கேட் பாஸ் ஜூன் 20-இல் முடிகிறது. திரும்பிய பின் விண்ணப்பித்தால் பாஸ் வரும்வரை கேம்ப்பிலேயே இருக்க நேரும், ஜூலையில் தொடங்கும் ஷட்டவுனுக்கு அது பெரிய குறை. படம், இக்காமா நகல், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று மூன்றையும் மே 14-க்குள் தந்துவிடுகிறேன். நான் இல்லாதபோதே புதுப்பிக்க முடிந்தவரை புதுப்பித்து வைக்க வேண்டுகிறேன். அறைச் சாவி, கருவிப் பெட்டி, ஹெல்மெட் ஆகியவற்றை ஸ்டோரில் ஒப்படைத்து ரசீது வாங்குவேன்.

திரும்புதல்

ஜூன் 30, திங்கட்கிழமை தம்மாம் வந்துசேர்ந்து, ஜூலை 1, செவ்வாய் காலை ஷிஃப்டுக்கு வருவேன். விமான நிலையத்திலிருந்து கேம்ப்புக்கு வண்டி அனுப்ப விமான எண்ணை முந்திய நாளே ஃபோர்மேனுக்குத் தெரிவிக்கிறேன். தாமதம் ஏதும் நேர்ந்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் சொல்லி, மருத்துவச் சான்றோ விமான நிறுவனத்தின் தகவலோ அனுப்புவேன். அப்படிக் கூடும் நாட்களை என் எட்டு நாள் வரவில் கழித்துக்கொள்ளலாம்.

நோன்புப் பெருநாளுக்கு அலுவலகம் மூடுமுன், மார்ச் 25-க்குள் எழுத்தில் பதில் தந்தால், மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறித்துக்கொள்வோம். ஜூலை ஷட்டவுன் தேதி முன்னால் நகர்ந்து நான் சீக்கிரம் வர வேண்டியிருந்தால், அதை இப்போதே சொல்லுங்கள். மே 16-க்கு முன்பே புறப்பட நான் தயார். புறப்பட்ட பின் விடுப்பைக் குறைத்தால் தாயாரின் இரண்டாவது அறுவை நின்றுபோகும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மு. செல்வராசு

இணைப்பு: நிரப்பிய விடுப்புப் படிவம், ஒப்பந்தத்தின் சம்பளம், விடுப்பு, பயணச்சீட்டுப் பக்கங்கள், 2024 தள்ளிவைப்பு ஒப்புதல், கடவுச்சீட்டு நகல்கள் (பழையது, புதியது), இக்காமா நகல், அப்ஷேர் அபராதப் பக்கம், தாயாரின் மருத்துவச் சீட்டு.

நகல்: ஃபோர்மேன், பகல் ஷிஃப்ட்.