நாலு அம்பது அலாரம்

என் மொபைல்ல காலைல நாலு அம்பதுக்கு ஒரு அலாரம் இருக்கு. ஆறு வருஷமா தினமும் அடிச்ச அலாரம். போன அக்டோபர்ல டெலிவரிக்கு அட்மிட் ஆகறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஆஃப் பண்ணேன், ஆனா டெலீட் பண்ணல. இப்ப பாப்பாவுக்கு அஞ்சு மாசம் முடியப் போகுது. அந்த நாலு அம்பதுக்கு நான் இப்பவும் முழிச்சுட்டுதான் இருக்கேன், அலாரமே தேவைப்படல. மூணு மணிக்கு ஒருதரம் பால் குடுத்து, தோள்ல போட்டு ஏப்பம் எடுத்து, தூளில போட்டு ஆட்டி, அவ கண்ணு சொருகறப்ப மணி பாத்தா நாலே முக்கால் ஆயிருக்கும். ஜன்னல் வழியா பால்காரர் வண்டி சத்தம் கேக்கும். அந்த நேரம்தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏன்னா அது என்னோட நேரமா இருந்துச்சு.

எங்க வீடு பாண்டில, முத்தியால்பேட்டைல. அங்கேர்ந்து பீச்சுக்கு ஸ்கூட்டில அஞ்சாறு நிமிஷம். அஞ்சே காலுக்கு அங்க இருப்பேன். காலைல ஏழரை வரைக்கும் பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க, அதனால வண்டிய பக்கத்து தெருவுல நிறுத்திட்டு நடப்பேன். காந்தி சிலைலேர்ந்து பழைய லைட்ஹவுஸ தாண்டி தெற்கால துய்ப்ளே சிலை வரைக்கும் போயி, திரும்பி வந்து, மறுபடி ஒரு சுத்து. இருட்டுல கடல் தெரியாது, பாறைல தண்ணி அடிக்கிற சத்தம் மட்டும் கேக்கும், தூரத்துல மீன்பிடி போட்டுங்களோட லைட்டு புள்ளி புள்ளியா தெரியும். அப்புறம் கிழக்கால கொஞ்சம் வெளுக்கும். சூரியன் மேல வர்றத ஒரு நாளும் நின்னு போட்டோ எடுத்ததில்ல, நடந்துட்டே பாத்துட்டு போவேன், நாளைக்கும் இருக்கும்னு ஒரு நெனப்பு. எதிர்ல ஒரு ரிட்டயர்டு டீச்சர் வருவாங்க, "என்னம்மா இன்னிக்கு லேட்டு"ன்னு மட்டும் கேப்பாங்க, அவங்க பேரு கூட எனக்கு தெரியாது. கடைசில சுக்கு காபி. வீட்டுக்கு வந்து குளிச்சு, வாசப்படில ஒக்காந்து பேப்பர், எட்டு நாப்பதுக்கு ஆபீஸ்.

இதுல பெருசா என்ன இருக்குன்னு யாராவது கேட்டா எனக்கு சொல்ல தெரியல. வெளிநாடு டூர் போனத நான் மிஸ் பண்ணல, சினிமாவ மிஸ் பண்ணல, அதெல்லாம் எப்பவாவது வர்றது. இது தினமும் வந்தது. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது என்னன்னு யோசிக்காமலே கால் தானா போகும். இப்ப ஒரு டம்ளர் காபி போட்டா அத முழுசா குடிப்பேனான்னு கூட தெரியல. நேத்து காபிய கைல எடுத்தப்ப அவ அழுதா, திரும்பி வந்தப்ப மேல ஏடு படிஞ்சிருந்துச்சு, சூடு பண்ண வெச்சுட்டு மறுபடி தூளிகிட்ட போயிட்டேன், பொங்கி அடுப்பு முழுக்க ஊத்திருச்சு. அத தொடைக்கறப்ப அழுதுட்டேன். அழுதது காபிக்காக இல்லன்னு எனக்கு நல்லா தெரியும்.

மொதல் மூணு மாசம் அம்மா வீட்டுல, கடலூர்ல, திருப்பாப்புலியூர்ல இருந்தேன். மழைக்காலம். கடலூர் மழைய பத்தி தனியா சொல்ல வேணாம், ஆரம்பிச்சா விடாது. ஒரு நாளைக்கு பாப்பாவுக்கு இருபது துணியாவது ஆகும், ஒண்ணும் காயாது. ஹால் முழுக்க கொடி கட்டி, ஃபேன் போட்டும் ஈரமாவே இருக்கும், அம்மா ஒவ்வொண்ணா இஸ்திரி போட்டு ஈரத்த எடுத்து, அப்புறம் சாம்பிராணி புகைல ஒரு தரம் காட்டி மடிச்சு வெப்பாங்க. அந்த வாசனை இப்பவும் மூக்குலயே இருக்கு. பத்திய சாப்பாடு, பூண்டு கொழம்பு, பால் சுரக்கட்டும்னு துறைமுகத்துலேர்ந்து சுறா வாங்கிட்டு வந்து புட்டு. காலைல பாட்டி பாப்பாவ காலு மேல போட்டு எண்ணெய் தேச்சு குளிப்பாட்டுவாங்க, கைல வசம்பு வளையல், நெத்தில பெரிய மை பொட்டு. என்னை ஒரு வேலையும் செய்ய விடல. அவ்வளவு பாத்துக்கிட்டாங்க, அந்த நன்றி எனக்கு சாகற வரைக்கும் இருக்கும்.

ஆனா அங்கதான் ஒரு நாள் அம்மாகிட்ட சொன்னேன், "எனக்கு என் பழைய வாழ்க்கை வேணும்மா"ன்னு. தையல் இன்னும் இழுத்துட்டு இருந்த நேரம், ராத்திரி ரெண்டு மணி, வெளிய மழை கொட்டுது. அம்மா மொதல்ல பயந்துட்டாங்க. "ஏண்டி அப்படி பேசற, பச்ச புள்ள முன்னாடி"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, பாப்பாவ என் கைலேர்ந்து வாங்கி மடில போட்டுக்கிட்டு, "நீ பொறந்தப்ப எனக்கு கோலம் போட முடியலன்னு இருந்துச்சுடி"ன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து தினமும் விடிகாலைல வாசல்ல பெரிய கோலம் போடுவாங்களாம், நான் பொறந்ததும் வீட்டுல வேற யாராவது ரெண்டு கோடு இழுத்துட்டு வந்துருவாங்களாம், அத பாக்க பாக்க மனசு என்னமோ பண்ணுமாம். முப்பத்தொரு வருஷத்துல இத அவங்க ஒரு தடவ கூட சொன்னதில்ல. யாரும் கேட்டிருக்கவும் மாட்டாங்க.

இத ஏன் சொல்றேன்னா, கொழந்த பொறந்த வீட்டுல அம்மாகாரி என்ன சாப்பிட்டா, பால் இருக்கா, புள்ள எடை ஏறுச்சான்னு எல்லாரும் கேப்பாங்க, அதெல்லாம் பாசத்துல கேக்கறதுதான். நீ என்ன விட்டுட்டு வந்தன்னு யாரும் கேக்கறதில்ல. நாமளே சொன்னா, புள்ள மேல ஆசை இல்லையோன்னு ஒரு பார்வை வருது. எனக்கு என் பொண்ணுன்னா உயிர். ஒன்றரை மாசம் ஆனப்ப மொத தடவ என் மூஞ்சிய பாத்து சிரிச்சா, தூக்கத்துல சிரிக்கிற சிரிப்பு இல்ல, என்னை பாத்து சிரிச்சது, அன்னிக்கு நான் வாங்குன சந்தோஷத்த எந்த தராசுலயும் வெக்க முடியாது. அதே வாரம் ஊசி போட்டு ராத்திரி முழுக்க ஜொரம், சொட்டு மருந்த குடுத்துட்டு மடிலயே வெச்சுட்டு விடிய விடிய ஒக்காந்திருந்தேன், அப்ப பீச்சு ஞாபகம் கொஞ்சம் கூட வரல. இதுவும் உண்மை, நாலே முக்காலுக்கு வர்ற அந்த ஏக்கமும் உண்மை. ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணு பொய்யாகாது.

தை பொறந்ததும் பாண்டிக்கு வந்துட்டோம். மாசி மகம் வந்துச்சு. எங்க வீட்டுலேர்ந்து வைத்திக்குப்பம் நடக்கற தூரம்தான், எங்கெங்கேர்ந்தோ சாமி எல்லாம் தீர்த்தவாரிக்கு அங்க வரும், மயிலம் முருகர் வருவார், ஊரே அங்கதான் இருக்கும். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒரு வருஷம் கூட நான் விட்டதில்ல, கூட்டத்துல நசுங்கி, கால்ல மணல் ஒட்டி, வர்ற வழில பொரி வாங்கி தின்னுட்டே வருவேன். இந்த வருஷம் அவ்வளவு வெயில்ல, அந்த கூட்டத்துல, பாப்பாவ எப்படி தூக்கிட்டு போறது. அத்தை "நீ போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்"னாங்க, பாட்டில் பால் அவ குடிக்க மாட்டேங்கறா, அதனால நான் போகல. மொட்டை மாடில அவள தோள்ல போட்டுட்டு நின்னேன். நாதஸ்வரமும் மேளமும் காத்துல வந்து வந்து போச்சு. ஒவ்வொரு சாமி போறப்பவும் சத்தம் கிட்ட வந்து தள்ளி போகும். அவ தலைய தூக்கி எங்கேர்ந்து வருதுன்னு தேடினா. கழுத்து நின்னு கொஞ்ச நாள்தான் ஆச்சு, அதனால தலை ஆடி ஆடி தேடினா.

அன்னிக்கு ராத்திரி அவர்கிட்ட சொன்னேன். சண்டை மாதிரி இல்ல, அழவும் இல்ல. "உங்க நாள் அப்படியே இருக்கு, என்னோடது மட்டும் போயிடுச்சு"ன்னேன். அவருக்கும் தூக்கம் போச்சு, கிரிக்கெட் போச்சு, அது எனக்கு தெரியாம இல்ல. ஆனா காலைல எட்டரைக்கு சட்டைய மாட்டிட்டு கெளம்பறப்ப அவருக்கு அவரோட ஒரு பாதி திரும்ப கெடைக்குது. எனக்கு ஏப்ரல் பாதி வரைக்கும் லீவு இருக்கு, இருபத்தாறு வாரம், அத குடுத்ததுக்கு நான் சட்டத்துக்கு நன்றிதான் சொல்வேன், ஆனா அந்த இருபத்தாறு வாரமும் வீட்டுக்குள்ளதான். அவர் ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "சனிக்கிழமை காலைல நீ போ. பால் குடுத்துட்டு போ, ஒன்றரை மணி நேரம் நான் பாத்துக்கறேன்"னாரு.

போன சனிக்கிழமை போனேன். ஷூ ரேக்குல அடில கெடந்துச்சு, உள்ள கைய விட்டா மண்ணு, அது ஜூன் மாச மண்ணா இருக்கணும், ஜூலைல டாக்டர் ரெஸ்ட்டு எடுக்க சொன்னதுலேர்ந்து நடக்கவே போகல. லேஸ் கட்டறப்ப கை நடுங்குச்சு. பீச் அப்படியேதான் இருந்துச்சு, அதே உப்பு காத்து, அதே இருட்டு. மொதல் நூறு அடில எனக்கு என்ன தோணுச்சுன்னா, கைய எங்க வெக்கறதுன்னு தெரியல. அஞ்சு மாசமா எதையாவது தூக்கிட்டே இருந்த கை. வீசி நடக்கறது மறந்து போயிருந்துச்சு. லைட்ஹவுஸ் தாண்டறப்பதான் பழைய நடை வந்துச்சு, மூச்சு சீராச்சு, கிழக்கால வெளுக்க ஆரம்பிச்சுது, எனக்கு தொண்டைய அடைச்சுது.

திரும்பறப்ப, காந்தி சிலைகிட்ட, ஒரு குடும்பம் டூர் வந்தவங்க போல, அவங்க கைக்கொழந்த அழுதுச்சு. யார் கொழந்தையோ. அந்த சத்தம் காதுல விழுந்ததும் எனக்கு மார்ல பால் இறங்கிருச்சு, குர்தா முன்பக்கம் நனைஞ்சு போச்சு. துப்பட்டாவ இழுத்து மூடிட்டு அப்படியே நின்னேன். டீச்சரம்மா எதிர்ல வந்தாங்க. ஒரு நிமிஷம் என் மூஞ்சியவே பாத்தாங்க. "கொழந்த பொறந்துடுச்சா"ன்னாங்க. பொண்ணுன்னேன். "போ, வீட்டுக்கு போ. சூரியன் எங்கயும் போயிடாது"ன்னு தோள்ல தட்டிட்டு நடந்துட்டாங்க. பேரு இந்த தடவையும் கேக்கல.

சுக்கு காபி மட்டும் வாங்கி நின்னுட்டே குடிச்சேன். சூடா, கடைசி சொட்டு வரைக்கும். இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்துச்சு, அதுல பத்து நிமிஷம் கடல பாத்துட்டு ஒக்காந்தேன், அதுக்கு மேல ஒக்கார முடியல, கெளம்பிட்டேன். வீட்டுல அவ எந்திரிக்கவே இல்ல. அவர் தூளி கயித்த புடிச்சுட்டே செவுத்துல சாஞ்சு தூங்கிட்டு இருந்தாரு. நான் வாசப்படில ஒக்காந்து ஷூவ கழட்டி தட்டினேன், புது மண்ணு கொட்டுச்சு.

அலாரத்துல சனிக்கிழமைய மட்டும் ஆன் பண்ணி வெச்சிருக்கேன்.