ஏற்புக் கடிதத்தின் தமிழாக்கமும் பயண ஆயத்தமும்

ஜெயநகர், பெங்களூரு
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பெர்லின் பல்கலைக்கழகத்திலிருந்து உங்கள் மகளுக்கு வந்த ஏற்புக் கடிதத்தைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

“மதிப்பிற்குரிய மாணவிக்கு, 2025–26 குளிர்காலப் பருவத்திற்கு, உங்கள் கல்லூரியுடனான பரிமாற்ற ஒப்பந்தத்தின்கீழ், எங்கள் பல்கலைக்கழகத்தில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம். அறிமுக வாரம் அக்டோபர் 6 அன்றும் வகுப்புகள் 13 அன்றும் தொடங்கும். கல்விக் கட்டணம் கிடையாது. பருவப் பங்களிப்புத் தொகையை நீங்களே செலுத்த வேண்டும். மாணவர் விடுதியில் அக்டோபர் 1 முதல் அறை ஒதுக்கப்பட்டுள்ளது. மாத வாடகை 340 யூரோ. ஜூன் 27க்குள் உங்கள் சம்மதத்தைத் தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குச் செல்லும். விசா, மருத்துவக் காப்பீடு, வாழ்க்கைச் செலவு ஆகியவை உங்கள் பொறுப்பு.”

கல்விக் கட்டணம் கிடையாது என்பதைப் படித்ததும் செலவே இல்லை என்று அத்தான் மகிழ்ந்துவிட வேண்டாம். கடைசி வரிதான் நம் பணப்பையைத் தொடுகிறது. ஜெர்மனி விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம், ஆறு மாதத்திற்கு 5,952 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டும் வழக்கம் உண்டு. அங்கே போனபின் மாதாமாதம் ஒரு பங்கை அவள் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகையால் முதல் வேலை, 27க்குள் அவள் சம்மதக் கடிதம் அனுப்புவது. அதே வாரத்தில் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, விசாவுக்கு நேரம் பதிய வேண்டும்; தள்ளிப்போட்டால் அந்த வரிசை நீண்டுவிடும். ஜூலையில் கணக்கும் காப்பீடும். அவளுடைய ஆஸ்துமா மருந்துக்கு மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி வைக்கலாம். பெர்லினில் குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பதால், விடுதி ஒப்பந்தத்தின் நகல் கைப்பையில் இருக்கட்டும்; வீட்டு உரிமையாளரின் உறுதிச் சான்றைக் குடிபுகும்போது அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூட்டை கட்டுவதை ஆகஸ்டு இறுதியில் தொடங்கலாம். தடித்த கோட்டை இங்கே வாங்காதீர்கள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கிடைப்பது அந்த ஊர்க் குளிருக்குப் போதாது, பெட்டியையும் அடைத்துவிடும். உள்ளே அணியும் கம்பளி உடை இரண்டு போதும். மூன்று கால் பிளக் அங்கே பொருந்தாது, ஒரு அடாப்டர் தேவை. செப்டம்பர் முதல் வாரத்தில் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, சிறிய குக்கர். எல்லாவற்றையும் எடை போட்டுவிடுங்கள், டிக்கெட்டில் அனுமதி 23 கிலோவுக்குத்தான். நெய்யையும் பால் பொருட்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. மைசூர்பாகு வேண்டாம், அக்கா. கறிவேப்பிலையையும் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

செப்டம்பர் 22இல் கொலு வைத்துவிட்டால் உங்களுக்கு நேரமிருக்காது. அதற்கு முன்பே பெட்டியைப் பூட்டிவிட வேண்டும். 30ஆம் தேதி இரவு விமானம்; மறுநாள் ஆயுத பூஜை. 30ஆம் தேதி மாலை சாலை நெரிசலாக இருக்கும் என்பதால் அல்சூரிலிருந்து நான்கு மணிக்கே கிளம்புவோம், காரை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
தம்பி