ரெண்டு கீசர் படமும் பாத்தேன் அக்கா

அக்கா, ராத்திரி நீ அனுப்புன ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் இப்பதான் உக்காந்து பெருசாக்கிப் பாத்தேன். "எது பெட்டர்?"னு ரெண்டு வார்த்தைல கேட்டுட்ட, பதில் அவ்வளவு சின்னதா வராது. வாய்ஸ் அனுப்பினா மாமா பாதியிலயே ஓட்டி விட்டுருவாரு, அதான் டைப் பண்றேன். கம்பெனிப் பேர விடு, வெள்ளை, சாம்பல்னே வச்சுக்குவோம்.

மொதல்ல ஒரு விஷயம். சாம்பல் படத்துல 5,849 ரூபாய்க்குக் கீழ மூணு கட்டம் இருக்கு பாரு, 10 L, 15 L, 25 L. நீலக் கோடு போட்டிருக்கறது 10 L-ஐச் சுத்தி. ஆனா கீழ இருக்கற டேபிள்ல 15 L-னு போட்டிருக்கு. அந்த டேபிள் எல்லா சைஸுக்கும் பொதுவா ஒட்டி வச்சது, விலை மட்டும் நீ தொட்ட கட்டத்துக்கு வர்றது. அதாவது நீ 15 லிட்டர் வெள்ளையையும் 10 லிட்டர் சாம்பலையும் பக்கத்துல வச்சு "இது ஆயிரத்தைந்நூறு கம்மி"ங்கற. 15 L கட்டத்தத் தொட்டா என்ன விலை காட்டுதுன்னு பாக்காம இந்தக் கணக்கு நிக்காது.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியம்னு சொல்ல வரல. 7,299-னு பெருசாப் போட்டு, கீழ எறும்பு சைஸ்ல கார்டு ஆஃபரோடன்னு இருக்கு. அந்த பேங்க் கார்டு உன்கிட்டயும் இல்ல, மாமாகிட்டயும் இல்ல. நமக்கு விலை அடிச்சு வச்சிருக்கற 7,999 தான்.

இப்ப லிட்டர். சேலத்துல குளிர்காலத்துலயும் டேங்க் தண்ணி 25 டிகிரி கிட்ட இருக்கும்னு வச்சுக்கோ. கீசர் 60 டிகிரில நிக்குது, நாம குளிக்கறது 40-ல. 15 லிட்டர் வெந்நீரோட பச்சத்தண்ணி கலந்தா கணக்குக்கு 35 லிட்டர் வரும், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு பக்கெட். 10 லிட்டர்ல 23 தான், ஒரு பக்கெட்டும் நாலஞ்சு சொம்பும். உங்க வீட்ல அஞ்சு பேர், ரெண்டு பசங்களுக்கும் எட்டு மணிக்கு வேன் வந்துரும். 10 வாங்கினா மொத ஆள் குளிச்சதும் அடுத்த ஆள் கதவத் தட்டிக்கிட்டு நிக்கணும். ஆனா ஒண்ணு, ரெண்டும் 2000 வாட்தான். ஒரு மணி நேரத்துல காயற தண்ணி ரெண்டுலயும் ஒரே அளவு, 15-ல கையிருப்பு மட்டும் கூட. உங்களுக்கு வேண்டியதே அந்தக் கையிருப்புதான்.

சாம்பல்ல "10 நிமிடத்தில் வெந்நீர்"னு கொட்டை எழுத்துல போட்டு ஒரு நட்சத்திரக் குறி வச்சிருக்கான் இல்ல? அதப் பாத்துட்டு மாமா வெள்ளை ஸ்லோன்னு நெனச்சிருப்பாரு. 2000 வாட்ல 15 லிட்டர் 25-லேர்ந்து 60 வர 18 நிமிஷம் ஆகும். எந்தக் கம்பெனி மாட்டினாலும் அதுக்குக் கீழ போகாது, வாட் ஒண்ணுதானே. பத்து நிமிஷத்துல 44 டிகிரி வரும். அது நேரா குளிக்கற சூடு, அதனால அவன் பொய் சொல்லலை. ஆனா வெள்ளையும் அதே பத்து நிமிஷத்துல அதே 44 தான் தரும், அவன் அத விளம்பரத்துல எழுதல, அவ்வளவுதான். உங்க தெருவுல காலைல வோல்டேஜ் இறங்குமே, 200-க்கு வந்தா 2000 வாட் 1500 ஆயிரும், 18 நிமிஷம் 24 ஆகும். இது ரெண்டுக்கும் பொது.

சாம்பல் 5 ஸ்டார், வெள்ளை 4 ஸ்டார். இதுல சாம்பல் மேலதான். ஆனா கீசர் ஸ்டார் எதுக்குக் குடுக்கறாங்கன்னா, சூடான தண்ணி டேங்குல சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு வெளிய கசியுதுங்கறதுக்கு. தண்ணிய காய வைக்கற செலவு ரெண்டுக்கும் ஒண்ணுதான், 15 லிட்டரு ஒரு தடவ காய கிட்டத்தட்ட 0.6 யூனிட். நாள் பூரா ஸ்விட்ச் போட்டு வைக்கற வீட்டுக்கு அந்த ஒரு ஸ்டார் காசு மிச்சம் பண்ணும். அத்தைதான் குளிச்ச மறு நிமிஷம் ஸ்விட்ச அணைச்சுட்டு வர்ற ஆளாச்சே, உங்க வீட்ல அதுக்காக ரொம்ப காசு கூடக் குடுக்க வேண்டாம். இன்னொண்ணு, வெள்ளைல லேபிளோட படம் இருக்கு, ஆனா மங்கலா இருக்கு, கசிவு எண்ணப் படிக்க முடியல. சாம்பல்ல "5 Star"ங்கற எழுத்து மட்டும்தான், லேபிளே காட்டல. லேபிள்ல எந்த வருஷத்துக் கணக்குன்னு காலம் போட்டிருப்பான், அதையும் சேத்துப் பாக்கணும்.

பிரஷர் சாம்பல் 8 பார், வெள்ளை 6.5 பார். மாமா இதுக்குத்தான் சாம்பல்ல டிக் போட்டிருப்பாரு. 8 பார் அடுக்குமாடிக்காரங்களுக்கு வேணும். பத்து மீட்டர் உயரத் தண்ணிக்கு ஒரு பார் கணக்கு. உங்க டேங்க் பாத்ரூமுக்கு மேல மூணு மீட்டர்கூட இல்ல, 0.3 பார் வந்தா பெரிசு. நாளைக்கு பிரஷர் பம்ப் வச்சாலும் ரெண்டு மூணு பார்தான். ரெண்டு கீசரும் தாராளமாத் தாங்கும்.

அக்கா, நான் யோசிக்கறது டேங்க்தான். உங்க போர் தண்ணில எவர்சில்வர் குடம் ஒரு வாரத்துல வெள்ளை வெள்ளையா பூக்குதே, அந்தத் தண்ணிதான் கீசருக்குள்ள கொதிக்கப் போகுது. வெள்ளையோட டேங்க் இரும்பு, உள்ள கண்ணாடிப் பூச்சு, கூடவே மெக்னீசியம் ஆனோடு இருக்குன்னு தெளிவா எழுதியிருக்கான். ஆனோடுன்னா ஒரு தடி. டேங்க் அரிக்கறதுக்குப் பதிலா அது அரிஞ்சு கரையும். என் பழைய கீசர் நாலாம் வருஷம் அடியில சொட்ட ஆரம்பிச்சுதே, ஞாபகம் இருக்கா? மெக்கானிக் கழட்டி என் கையில குடுத்தப்ப அந்தத் தடி இருந்த எடத்துல துருப்பிடிச்ச ஒரு கம்பியும் சுண்ணாம்பு மாதிரி கொஞ்சம் பொடியும்தான் மிச்சம். தடி தீந்து ரொம்ப நாளாச்சு, அப்புறம் டேங்கையே தின்னிருக்கு. மாத்தணும்னு வாங்கும்போது யாரும் சொல்லல, நானும் கேக்கல. வாரண்டில கேட்டா "தண்ணி கடினம்"னு ஒரு வரியக் காட்டிக் கைவிரிச்சுட்டாங்க.

சாம்பலுக்கு "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க்"னு மட்டும் போட்டிருக்கு. எந்த கிரேடுன்னு இல்ல, 304-ஆ, 316-ஆ, வேற எதுவுமா? உப்புத் தண்ணில 304 பொட்டுப் பொட்டா ஓட்டை விழும், 316 அத விடத் தாங்கும். ஆனோடு இருக்கா இல்லையான்னும் ஒரு வார்த்தை இல்ல. எழுதலைங்கறதால இல்லன்னு ஆயிராது, ஆனா இருக்குன்னு நாமளா நெனச்சுக்கவும் கூடாது. ஆனா சாம்பல்ல ஹீட்டிங் எலிமென்ட் இன்கோலாய்னு எழுதியிருக்கான், கடினத் தண்ணிக்கு அது நல்லது. வெள்ளை எலிமென்ட் என்னன்னே சொல்லல. செம்பா இருந்தா உப்பு படிஞ்சு சீக்கிரம் எரியும். இந்த ஒரு எடத்துல சாம்பல் ஜெயிக்குது.

வாரண்டி வெள்ளைல பிரிச்சுப் போட்டிருக்கு: முழு மிஷினுக்கு 2 வருஷம், எலிமென்ட்டுக்கு 3, டேங்குக்கு 7. சாம்பல்ல "Up to 7 Years"னு ஒரே வரி. அந்த "அப் டு"வுக்குள்ள எது எவ்வளவுன்னு தெரியல. தண்ணி கடினமா இருந்தா வாரண்டி செல்லுமான்னு ரெண்டுலயும் சொல்லல, எனக்கு ஆனது உனக்கும் ஆகக் கூடாது. சேஃப்டி வால்வு வெள்ளையோட பெட்டியில வருதுன்னு போட்டிருக்கு, சாம்பல்ல இல்ல. மாட்டறது வெள்ளைக்கு ஃப்ரீ, ஆனா இன்லெட் அவுட்லெட் பைப் தனின்னு குட்டியா ஒரு வரி. சாம்பல்ல மாட்டறதப் பத்தியே பேச்சு இல்ல. உயர அகலம் வெள்ளைல மட்டும்தான் இருக்கு, உங்க பாத்ரூம் கான்கிரீட் பலகைக்குக் கீழ எடம் கம்மி, அது முக்கியம்.

ஐஎஸ்ஐ முத்திரை வெள்ளையோட மூணாவது படத்துல பக்கவாட்டுல தெரியுது. சாம்பல்ல காணோம். இந்த சாமானுக்கு அந்த முத்திரை கட்டாயம், அதனால இருக்கத்தான் வேணும். பெட்டி வந்ததும் முத்திரைக்குக் கீழ இருக்கற CM/L லைசென்ஸ் நம்பர BIS Care ஆப்ல போட்டுப் பாத்துக்கலாம்.

மார்க்கு சாம்பலுக்கு 4.3, வெள்ளைக்கு 4.1. ஆனா சாம்பல்ல 212 பேர், வெள்ளைல 9,800 பேர். மூணு சைஸ் விமர்சனத்தையும் ஒரே குவியலாப் போட்டிருப்பான், அதுல பெருசா மண்டைய உடைக்க வேண்டாம்.

இப்ப இருக்கற படத்த வச்சு சொல்லுன்னா வெள்ளை. நல்லதுங்கறதுக்காக இல்ல, சொல்ல வேண்டியதச் சொல்லியிருக்கான்ங்கறதுக்காக. ஆனா சாம்பல் 15 லிட்டர் 7,500-க்குள்ள வந்து, ஆனோடும் வால்வும் இருக்குன்னு தெரிஞ்சு, டேங்குக்குத் தனியா 5 வருஷத்துக்கு மேல வாரண்டி இருந்தா, நான் சாம்பல் பக்கம் சாஞ்சுருவேன். அந்த இன்கோலாய் எலிமென்ட் உங்க தண்ணிக்கு நல்லது.

அதனால நீ செய்ய வேண்டியது: சாம்பல்ல 15 L தொட்டு விலையோட ஒரு படம். கீழ "கேள்வி பதில்"ல ஆனோடுன்னு தேடிப் பாரு, இல்லன்னா நீயே கேளு. கம்பெனி கஸ்டமர் கேர்ல டேங்க் கிரேடு என்ன, வாரண்டிக்குத் தண்ணி கணக்கு உண்டான்னு கேட்டா போதும். வெள்ளைக்கு எலிமென்ட் என்னங்கறது மட்டும். "2 மணி நேரத்தில் ஆஃபர் முடியும்"னு கடிகாரம் ஓடுதே, அதப் பாத்துப் பதறாத, நேத்தும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு.

அப்புறம் பாத்ரூம் பிளக் பாயின்ட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ரெண்டுமே கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், பெரிய 16 ஆம்ப் சாக்கெட் வேணும், எர்த் ஒழுங்கா இருக்கணும். சின்ன சாக்கெட்டா இருந்தா கீசருக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன வரச் சொல்லணும். மாமாகிட்ட சொல்லி அந்தப் பலகைக்குக் கீழ இருக்கற எடத்தையும் டேப் வச்சு அளந்து சொல்லச் சொல்லு.