செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்: கொள்முதல் பில் பதிவு

பெறுபவர்: கணக்கு உதவியாளர், கொள்முதல் பில் பிரிவு
வழங்குபவர்: கணக்குப் பிரிவு மேலாளர்
காலம்: 5.1.2026 முதல் 6.3.2026 வரை

கடந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீங்கள் பதிவு செய்த 600 பில்களில் 48 திருத்தத்துக்குத் திரும்பின. அதாவது 8 சதவீதம். பிரிவில் மற்றவர்களுக்கு இது 3 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த 48-இல் 29 தவறான வரிக் குறியீடு, 11 தொகைப் பிழை, 8 இரட்டைப் பதிவு. பில் வந்த 2 வேலை நாட்களுக்குள் பதிவானவை 71 சதவீதம் மட்டுமே. சப்ளையர்களிடம் நீங்கள் பேசும் விதத்தில் குறை எதுவும் இல்லை. அது இந்தத் திட்டத்தில் வராது.

எட்ட வேண்டியவை

திரும்பி வரும் பில்கள்: 19.1 முதல் 30.1 வரை பதிவானவற்றில் 5 சதவீதத்துக்குள், 2.2 முதல் 13.2 வரை 4 சதவீதத்துக்குள், 16.2 முதல் 5.3 வரை 3 சதவீதத்துக்குள். கடைசிக் கட்டத்தில் சுமார் 140 பில்கள் வரும் என்பதால், 4 பிழை வரை இலக்குக்குள் அடங்கும். முதல் இரண்டு வாரங்கள் பயிற்சிக்கானவை. அப்போதைய பிழைகள் குறிக்கப்படும், கணக்கில் சேராது.

நேரம்: கடைசிக் கட்டத்தில் 90 சதவீத பில்கள் 2 வேலை நாட்களுக்குள் பதிவாக வேண்டும்.

சப்ளையர் தவறான ஆர்டர் எண்ணோடு அனுப்பிய பில் உங்கள் பிழை ஆகாது. கொள்முதல் பிரிவின் ஒப்புதலுக்காக நிற்கும் நாட்களும் நேரக் கணக்கில் வராது. எண்ணுவது நான் அல்ல, உள்தணிக்கைப் பிரிவு. எல்லா பில்களையும் எண்ணுவார்கள். சில பில்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரே பிழைகூட சதவீதத்தைப் புரட்டிவிடும்.

எங்கள் பொறுப்பு

வரிக் குறியீட்டுப் பிழைகளில் பெரும்பாலானவை, சப்ளையரின் பழைய குறியீட்டை மென்பொருள் தானாக நிரப்புவதால் வந்தவை. ஆகவே 7.1, 9.1 ஆகிய நாட்களில் தலா 2 மணி நேரப் பயிற்சி, மூத்த கணக்காளருடன். பழைய குறியீடு உள்ள சப்ளையர்களின் பட்டியல் 8.1-க்குள் உங்கள் கைக்கு வரும். திட்டக் காலத்தில் நாளொன்றுக்கு 12 பில்லுக்கு மேல் உங்களுக்குத் தரப்படாது. இவற்றில் ஏதாவது தாமதமானால், அத்தனை நாள் திட்டமும் தள்ளிப்போகும்.

பரிசீலனை

19.1, 2.2, 16.2 ஆகிய திங்கட்கிழமைகளில் காலை 11 மணிக்கு, 30 நிமிடம். இறுதிப் பரிசீலனை வெள்ளிக்கிழமை 6.3. எண்கள் முந்தைய நாள் மாலைக்குள் உங்களிடம் இருக்கும். திங்கட்கிழமைக் கூட்டங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையே. பேசியதை எழுதி அன்றே இருவரும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால், அந்த நாட்கள் கடைசியில் சேர்க்கப்படும்.

இரண்டு இலக்கும் எட்டினால் திட்டம் முடிந்தது என 9.3 அன்று எழுத்தில் தருவேன். ஒன்று மட்டும் எட்டினால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிப்பு. இரண்டும் எட்டாவிட்டால் பணி மாற்றம் அல்லது பணி நீக்கம் பற்றி மனிதவளப் பிரிவு முடிவெடுக்கும். அதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்கும்.

உங்கள் கையொப்பம் இதைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே. ஒப்புக்கொண்டதாகப் பொருள் இல்லை. மறுப்பு இருந்தால் 9.1-க்குள் எழுதித் தாருங்கள், இதனுடன் இணைக்கப்படும்.